அழவில்லை, வைகிறாள்



அரையாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுத்த வாரம். வ. புதுப்பட்டியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தங்கை ஒருத்தி தமிழ்த் தாளோடு வந்தாள். 'இலக்கிய நயம் பாராட்டுக' என்ற வினாவுக்குப் பாடநூலில் இல்லாத ஒரு புதுக்கவிதையைக் கொடுத்திருந்தார்கள். கூலி குறைத்துக் கொடுத்த நிலக்காரரைப் பார்த்து ஒரு பெண் பேசுவதாக அமைந்த கவிதை. 'சுவை' என்ற தலைப்பின் கீழ் அவள் 'வெகுளி' என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே 'அவலம்' என்று திருத்தியிருந்தார்கள். மதிப்பெண்ணும் போயிருந்தது.

"அண்ணே, அந்தப் பொம்பள அழுகவே இல்லையே. வையத்தான செய்றா? பெறகு எப்படிண்ணே அவலம்?"

எந்தப் பள்ளி, யார் திருத்தினார் என்பது இங்கே வேண்டாம். அது ஒரு ஆளின் பிழையாக இருந்தால் நாங்கள் இதை எழுதவே மாட்டோம். இது ஒரு வாசிப்புப் பழக்கம். கூலி, சேரி, செருப்பு, கஞ்சி என்று ஒரு சொல் கண்ணில் பட்டவுடன் பேனா தானாக 'அவலம்' என்று எழுதிவிடுகிறது. பேசுபவர் சிரிக்கிறாரா, ஏசுகிறாரா, மிரட்டுகிறாரா, கணக்குக் கேட்கிறாரா என்று அதன்பிறகு யாரும் பார்ப்பதில்லை. ஒடுக்கப்பட்டவர் வாய் திறந்தால் அது ஒப்பாரியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அந்தப் பேனாவின் முடிவு. ஒரு கவிதையைத் தவறாக வாசிப்பதற்குச் சாதி எவ்வளவு தூரம் உதவி செய்கிறது என்பதுதான் இங்கே நம் பேச்சு. அதோடு, அந்தத் தவறான வாசிப்பைத் தேர்வுத் தாளிலேயே, அவர்களுடைய இலக்கணத்தை வைத்தே எப்படி மடக்குவது என்பதும்.

முதலில் எங்கள் பக்கத்துக் குறையைச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தங்கை எழுதியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்: இப்பாடலில் வெகுளிச் சுவை அமைந்துள்ளது. அவ்வளவுதான். எந்த அடியில், எந்தச் சொல்லால், யார் மேல் வெகுளி என்று ஒன்றுமில்லை. அவளுக்குச் சரியாகப் புரிந்திருந்தது. புரிந்ததை நிறுவ அவளிடம் கருவி இல்லை. விடைத்தாள் திருத்துகிறவரின் கையில் விடைக்குறிப்பு இருக்கிறது, மேசையில் கட்டுக்கட்டாகத் தாள் கிடக்கிறது. அவர் நின்று யோசிக்க வேண்டுமென்றால், யோசிக்க வைக்கும் சான்று தாளில் இருக்க வேண்டும். கவிதையை உணர்ந்து வாசிக்கச் சொல்லிக் கொடுத்த நாங்கள், உணர்ந்ததை அடியெண் போட்டு நிறுவச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நோட்ஸ் புத்தகங்கள் சொல்லிக் கொடுக்கும் வழி உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரண்ட கருத்து, எதுகை, மோனை, இயைபு, முரண், சந்தம், சுவை, அணி என்று தலைப்புகளை முன்கூட்டியே வரிசையாக மனப்பாடம் செய்துகொள்வது. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு அலங்கார வாக்கியம் தயாராக இருக்கும். காட்டு யானையையும் பாட்டு மோனையையும் சேர்த்துக் கட்டிய வாக்கியம் ஒன்று. மதுரை வைகையை எதுகையோடு கோத்த வாக்கியம் இன்னொன்று. அணிக்கு வரும் வாக்கியம் இன்னும் மோசம்: நகை போடாத பெண்ணும் அணி இல்லாத கவிதையும் ஒன்று என்கிறது. எந்தக் கவிதை வந்தாலும் இந்த வாக்கியங்களில் ஒரு எழுத்தும் மாறாது. கவிதையைப் படிக்காமலேயே எழுதக்கூடிய விடை அது. கழுத்தில் பொட்டுத் தங்கம் இல்லாத நம் அம்மாக்களைப் பெற்ற பிள்ளைகள் அந்த நகை வாக்கியத்தை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குவதைப் பார்க்கும்போது நமக்கு வருவது என்ன சுவை என்று தொல்காப்பியரைத்தான் கேட்க வேண்டும்.

கேட்போம். ஆனால் அதற்கு முன் எங்கள் ஊரிலிருந்தே ஒரு காட்சி.

எழுத்தாளர் பாமா பிறந்தது இந்த வ. புதுப்பட்டியில்தான். 1992இல் வந்த அவருடைய 'கருக்கு' தன்வரலாற்று நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் சின்னப் பிள்ளை, தன் தெருப் பெரியவர் ஒருவர் கடைவீதியிலிருந்து வருவதைப் பார்க்கிறாள். அவர் கையில் தின்பண்டப் பொட்டலம். பொட்டலத்தைத் தொடாமல், கட்டிய சரட்டை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டபடி வருகிறார். அவ்வளவு பெரிய ஆள் இவ்வளவு சின்னப் பொட்டலத்தை இப்படித் தூக்கி வருவது பிள்ளைக்குச் சிரிப்பாக இருக்கிறது. அவர் நேராகப் போய் நிலக்காரரிடம் குனிந்து பணிந்து அதைக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதால்தான் சரட்டைப் பிடித்து வந்தார் என்று விளக்குகிறார். அதோடு அவள் சிரிப்பு நின்றுபோகிறது. தன் தெரு ஆள் ஏன் இவர்களுக்குப் பொட்டலம் தூக்க வேண்டும் என்ற கோபம் வருகிறது.

தேர்வுக் கண்ணோடு இதைப் பாருங்கள். காட்சியில் எதுவும் மாறவில்லை. அதே பொட்டலம், அதே சரடு, அதே பெரியவர். ஒரு நிமிடம் முன்பு நகை, ஒரு நிமிடம் கழித்து வெகுளி. மாறியது பார்ப்பவருக்குத் தெரிந்த உண்மை மட்டும். ஆக, தொனி என்பது சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டு கிடக்கும் பொருள் இல்லை. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், இருவருக்கும் நடுவில் உலகம் எப்படிப் பிரிந்து கிடக்கிறது என்ற மூன்றுக்கும் இடையில்தான் அது இருக்கிறது. சரடு எதற்கு என்று தெரியாதவர் அந்தக் காட்சியை நகைச்சுவை என்று திருத்துவார். தெரிந்தும் கோபத்தைப் பார்க்க விரும்பாதவர் அவலம் என்று திருத்துவார்.

இப்போது தொல்காப்பியம். பொருளதிகாரத்தின் ஆறாவது இயல் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகள். இதை எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். அடுத்து வருவதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒவ்வொரு மெய்ப்பாடும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்கு காரணங்களையும் அந்த இயல் தருகிறது.

அழுகைக்கு உரிய நான்கு: பிறர் நம்மை இழிவுபடுத்துவது, உற்றவரை இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, வறுமை. வெகுளிக்கு உரிய நான்கு: உறுப்பை அறுப்பது, குடியைக் கெடுப்பது, அடித்தும் வைதும் அலைக்கழிப்பது, கொல்வது. மறுபடியும் ஒருமுறை படியுங்கள். செய்தித்தாளில் வன்கொடுமைச் செய்தி படிப்பதுபோல இருக்கிறதா இல்லையா? கை வெட்டப்பட்டால், குடிசை கொளுத்தப்பட்டால், கட்டிவைத்து அடிக்கப்பட்டால், கொல்லப்பட்டால் மனிதனுக்கு வரவேண்டியது வெகுளி என்று இந்தப் பழைய இலக்கணம் சொல்லி வைத்திருக்கிறது. திருத்தும் சிவப்பு மைதான் அதை அழுகை என்கிறது.

அழுகையின் பட்டியலில் இழிவும் வறுமையும் இருப்பதையும் மறைக்க வேண்டாம். அங்கேதான் குழப்பம் உண்டாகிறது. ஒரு கவிதையில் வறுமையும் இழிவும் வந்தால் அது அவலமாகவும் இருக்கலாம், வெகுளியாகவும் இருக்கலாம். பிரித்துக் காட்டுவது எது? எங்கள் வகுப்பில் நாங்கள் வினைச்சொல்லைப் பார்க்கிறோம். அழுகையில் பேசுபவர் தனக்கு நேர்ந்ததைச் சொல்லி நிற்பார்: போயிற்று, இழந்தேன், வாடுகிறேன். அல்லது கேட்பார்: தாருங்கள், பாருங்கள், இரங்குங்கள். வெகுளியில் செய்தவன் எழுவாயாக வந்துவிடுவான்: நீ பறித்தாய், நீ கெடுத்தாய். அல்லது பேசுபவர் இனிச் செய்யப்போவதைச் சொல்வார்: வருவோம், கேட்போம், விடமாட்டோம். கவிதையில் வருகிற எல்லா வினைமுற்றுகளுக்கும் அடிக்கோடு போட்டு, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் யார் என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

வினையையும் எழுவாயையும் பார்த்தாலும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. புகழ்வதுபோலப் பழிப்பது, வஞ்சப்புகழ்ச்சி அணி. இதற்குப் புறநானூற்றின் 95ஆம் பாடலைத்தான் எப்போதும் எடுத்துக்காட்டுகிறார்கள். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போன ஔவையார், அங்கே காட்டப்பட்ட படைக்கலக் கொட்டிலைப் பார்த்துப் பாடியது. உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசி, காவலுள்ள பெரிய மனையில் இருக்கின்றன. எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். மேலோட்டமாகப் படித்தால் தொண்டைமானுக்குப் புகழ்ச்சி, அதியமானுக்குக் குறை. இது வஞ்சகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிரியர் சொன்னார் என்று எழுதினால் அது விடையாகாது.

நாங்கள் கேட்கச் சொல்லும் கேள்வி இது: புகழப்படும் பொருளின் வேலை என்ன? புகழ்ச்சி அந்த வேலையைப் பற்றிப் பேசுகிறதா? வேலின் வேலை போர். வேலைப் பளபளப்புக்காகப் புகழ்ந்தால் அது போரைப் பார்க்கவில்லை என்று பொருள். உழாத ஏரைப் பார்த்து எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று ஒரு சம்சாரியிடம் சொல்லிப் பாருங்கள், அவருக்கு உடனே உறைக்கும். இந்தக் கேள்வியை விடைத்தாளில் ஒரு வாக்கியமாக எழுதினால் வஞ்சப்புகழ்ச்சி என்ற பெயர் அங்கே சான்றோடு நிற்கும்.

பேச்சு வழக்கில் இந்த அணியை நம்மைவிட நன்றாகக் கையாள்பவர்கள் யார்? களத்துமேட்டில் நின்று 'மகராசன் நல்லாயிருக்கணும்' என்று சொல்லிவிட்டு, முதுகு திரும்பியதும் முந்தானைக்குள் சிரிக்கும் நம் அத்தைகளும் அப்பத்தாக்களும்தான். நேராக வைதால் அடி விழும் இடத்தில் வாழ்ந்தவர்களின் அணி அது. நோட்ஸ் புத்தகத்துக்கு அது நகை, நமக்கு அது தற்காப்பு.

இனி ஒரு பாடலை எடுத்து முழுதாகச் செய்து பார்ப்போம். அச்சில் வந்த பாடல் எதற்கும் ஏற்கெனவே நோட்ஸ் இருக்கும் என்பதால், வகுப்புப் பயிற்சிக்காக நாங்களே ஒன்பது அடி எழுதிக்கொண்டோம். கவிதை என்று பெரிதாக உரிமை கொண்டாடவில்லை, பயிற்சிக்குப் போதும்.

ஐயா வீட்டு மாடு கொடுத்து வைத்தது;
மழைக்குக் கூரை உண்டு, இருட்டுக்கு விளக்கு உண்டு.
ஐயா வீட்டு நாய் கொடுத்து வைத்தது;
அடுப்படி வரைக்கும் போய்வர உண்டு.
ஐயா வீட்டு நெல் கொடுத்து வைத்தது;
எங்கள் முதுகில் ஏறி வந்து உள்ளறையில் படுக்கும்.
நாங்களும் கொடுத்து வைத்தவர்கள்தான் ஐயா;
கொடுத்துக் கொடுத்து உங்களிடம் வைத்திருக்கிறோம்.
ஒருநாள் கணக்குப் பார்க்க வருவோம்.

வகுப்பில் இருந்த பதினோரு பேரிடம் இதைக் கொடுத்து, சுவையும் அணியும் எழுதச் சொன்னோம். ஏழு பேர் 'அவலம்' என்று எழுதினார்கள். நம் பிள்ளைகள்தான்! கேட்டால், மாட்டைவிடக் கீழாக மனிதன் இருப்பது அவலம்தானே என்றார்கள். நிலைமை அவலம்தான், மறுக்கவில்லை. ஆனால் வினா கேட்பது பாடலின் சுவையை. நிலைமைக்கு நாம் என்ன பெயர் வைக்கிறோம் என்பது வேறு, அந்த நிலைமையில் நிற்பவர் எந்தக் குரலில் பேசுகிறார் என்பது வேறு. இந்த இரண்டையும் கலப்பதுதான் எல்லாத் தப்புக்கும் வேர். வீடு எரிந்தவன் அழவும் செய்வான், அரிவாளைத் தேடவும் செய்வான். கவிதை எந்த நேரத்தில் அவனைப் பிடித்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பாடலுக்குள் போவோம். யார் பேசுகிறார்? 'எங்கள் முதுகில்' என்பதால் மூட்டை சுமப்பவர், அதுவும் பலர் சார்பில். யாரிடம்? 'ஐயா' என்று நேரே அழைக்கப்படுபவரிடம். முதல் ஆறு அடிகளிலும் புகழ்ச்சி மாட்டுக்கும் நாய்க்கும் நெல்லுக்கும் போகிறது. இப்போது அந்தக் கேள்வியைப் போடுங்கள். மழைக்குக் கூரை இருப்பது ஒரு பாக்கியமா? யாருக்கு அது இல்லையோ அவர் சொன்னால்தான் பாக்கியம். ஆக, புகழ்ச்சியின் அளவுகோலே பேசுபவருக்கு மறுக்கப்பட்டவைதான். அடுப்படி வரை நாய் போகலாம் என்ற நான்காம் அடியில், போகமுடியாதவர் யார் என்று சொல்லாமலே தெரிகிறது. இது எள்ளல். தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் முதலாவது எள்ளல்தான்.

ஏழாம் அடியில் 'நாங்களும்' என்று பேச்சு திரும்புகிறது. தொனி மாறும் இடம் இது. நீளமான பாடலோ குட்டிப் பாடலோ, தொனி ஒன்றாகவே ஓடுவது அபூர்வம். திரும்பும் அடி எது என்று எண் போட்டுச் சொல்கிற விடை திருத்துபவரின் கண்ணில் தனியாகத் தெரியும். திருப்பத்தைக் காட்டும் சொற்கள் பெரும்பாலும் சின்னவை: ஆனால், நாங்களும், இனி, இன்று. எட்டாம் அடியில் 'கொடுத்து வைத்த' என்ற தொடர் உடைகிறது. அதுவரை அதற்கு அதிர்ஷ்டம் என்று பொருள். இங்கே, கொடுத்தோம், உங்களிடம் வைத்திருக்கிறோம் என்று நேர்ப்பொருளாகிவிட்டது. உழைப்பு இப்போது பாக்கித் தொகை. ஒன்பதாம் அடியில் கெஞ்சல் இல்லை, எதிர்கால வினைமுற்று ஒன்று எச்சரிக்கையாக நிற்கிறது.

அணிக்குப் பெயர் சூட்டுவதில் வகுப்பில் நல்ல சண்டை வந்தது. 'நெல் உள்ளறையில் படுக்கும்' என்பதைப் பார்த்ததும் இரண்டு பேர் தற்குறிப்பேற்ற அணி என்றார்கள். இது எல்லாத் தேர்விலும் நடக்கும் பிழை. உயிரற்றது மனிதன்போல ஏதாவது செய்தால் உடனே அந்தப் பெயர் வந்துவிடுகிறது. தற்குறிப்பேற்றத்துக்கு இன்னொன்றும் வேண்டும்: இயல்பாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் தன் குறிப்பைக் காரணமாக ஏற்ற வேண்டும். சிலப்பதிகாரத்தில் மதுரை மதில்மேல் கொடி காற்றில் ஆடுகிறது, அது இயல்பு. கோவலனையும் கண்ணகியையும் வராதீர்கள் என்று கைகாட்டித் தடுப்பதற்காக ஆடுகிறது என்பது கவிஞர் ஏற்றிய குறிப்பு. நம் பாடலில் நெல்லுக்கு அப்படி ஒரு காரணம் ஏற்றப்படவில்லை. மனிதச் செயல் மட்டும் நெல்லுக்குத் தரப்பட்டிருக்கிறது. அதை அப்படியே சொன்னால் போதும். பெயர் நிச்சயமில்லாத இடத்தில் வேலையை விளக்குங்கள். தவறான பெயர் எழுதி விளக்கத்தையும் கெடுக்காதீர்கள்.

'கொடுத்து வைத்தது' திரும்பத் திரும்ப வருவதற்குப் பின்வருநிலை அணி என்று பெயர் உண்டு. அதில் மூன்று வகை. வந்த சொல்லே வந்து பொருள் மாறினால் சொல் பின்வருநிலை. சொல் மாறி அதே பொருள் வந்தால் பொருள் பின்வருநிலை. சொல்லும் பொருளும் இரண்டும் அப்படியே வந்தால் சொற்பொருள் பின்வருநிலை. முதல் மூன்று முறையும் சொற்பொருள் பின்வருநிலை. எட்டாம் அடியில் அதே சொற்கள் வேறு பொருளில் வருவதால் சொல் பின்வருநிலை. ஒரே தொடர் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவும் இடமும், எள்ளல் வெகுளியாக மாறும் இடமும் ஒட்டி நிற்கின்றன. அணியும் சுவையும் தனித்தனித் தலைப்பாக எழுதப்பட்டாலும் பாடலில் அவை ஒன்றாகத்தான் வேலை செய்கின்றன. நாங்கள் எதிர்பார்க்கும் விடை இதைச் சொல்ல வேண்டும்.

தொடை நயத்தில் ஒரு சின்னச் செய்தி. அ, ஆ, ஐ, ஔ ஆகியவை ஒன்றுக்கொன்று மோனையாக வரும். எனவே மூன்றாம் அடியின் 'ஐயா'வும் நான்காம் அடியின் 'அடுப்படி'யும் அடிமோனை. எதுகை இதில் சொல்லும்படி இல்லை. இல்லாததை எழுத வேண்டாம். புதுக்கவிதையில் எதுகை கொழிக்கிறது என்று எழுதினால், அந்த ஒரு வரியிலேயே நோட்ஸ் புத்தகம் வெளியே எட்டிப் பார்த்துவிடும்.

இவ்வளவும் பேசிய பிறகு அந்தத் தங்கை எழுதிய விடை இது. நாங்கள் இரண்டு இடத்தில் மட்டும் திருத்தினோம்.

'இப்பாடல் எள்ளலில் தொடங்கி வெகுளியில் முடிகிறது. முதல் ஆறு அடிகளில் சுமை தூக்குவோர், நிலவுடைமையாளர் வீட்டு மாடு, நாய், நெல் ஆகியவற்றைப் பாக்கியம் பெற்றவையாகப் புகழ்வதுபோலப் பேசி, தமக்கு மறுக்கப்பட்டவற்றைச் சுட்டுகின்றனர். கூரையும் நுழைவும் பாக்கியமாகப் புகழப்படுவதால் இது வஞ்சப்புகழ்ச்சி. ஏழாம் அடியில் 'நாங்களும்' என்னும் சொல்லால் தொனி திரும்புகிறது. 'கொடுத்து வைத்தது' என்னும் தொடர் மூன்று முறை ஒரே பொருளில் வந்து சொற்பொருள் பின்வருநிலையணியாகிறது. எட்டாம் அடியில் உழைப்பைக் கொடுத்து வைத்திருக்கிறோம் எனப் பொருள் மாறுவதால் வெகுளி வெளிப்படுகிறது. இரக்கும் சொல் எங்கும் இல்லை. 'வருவோம்' என்னும் எதிர்கால வினைமுற்று எச்சரிக்கையாக அமைகிறது. குடியின் உழைப்பைக் கொண்டதனால் பிறந்த கோபம் ஆதலின் இது தொல்காப்பியர் கூறும் வெகுளியாம்.'

இதைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டுமானால் தொல்காப்பியரையும் சேர்த்து அடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் தோழர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். அணியும் தொடையும் அவர்களுடைய சரக்கு, நம் கவிதை அந்தச் சட்டையை எப்போதோ கழற்றி எறிந்துவிட்டது, அதை ஏன் மறுபடி நம் பிள்ளைகளுக்கு மாட்டுகிறீர்கள் என்பார்கள். இதே புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் அண்ணன், 2024இல் மறைந்த ஆய்வாளர் ராஜ் கௌதமனை நினைத்துப் பாருங்கள். சங்கப் பாட்டையும் தொல்காப்பியத்தையும் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் அவற்றுக்குள் ஓடும் அதிகாரத்தைத் தோண்டி எடுத்தார். எறிவதற்கு முன் கையில் எடுத்துப் பார்த்தவர் அவர். அதுபோக, 'கருக்கு' என்ற தலைப்பே ஓர் உருவகம். பனைமட்டையின் இருபுறமும் ரம்பப் பல்போல அறுக்கும் விளிம்புக்கு இந்தப் பக்கம் கருக்கு என்று பெயர். விறகு பொறுக்கிய பிள்ளைகளின் கையைக் கிழித்த பொருள், ஒரு வாழ்க்கைக்கும் எழுத்துக்கும் பெயராகிறது. நகைக்கடையிலிருந்து வராத அணி அது. அதை 'அறுக்கும் உருவகம்' என்று பெயர் சொல்லிக் காட்டத் தெரிந்த மாணவர், அணி என்றால் ஆபரணம் என்ற நோட்ஸ் வாக்கியத்தை ஒரே அடியில் முடித்துவிடுவார்.

எதிர்ப்பக்கத்துப் பிழையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நம்முடையது. தலித் ஒருவர் எழுதியது என்று தெரிந்தவுடன் படிக்காமலே 'வெகுளி' என்று எழுதுவது, படிக்காமலே 'அவலம்' என்று எழுதுவதற்குத் தம்பி. பாமாவின் 'சங்கதி'யைத் திறந்து பாருங்கள். பெண்களின் கேலி, பாட்டு, கொண்டாட்டம் எவ்வளவு இருக்கிறது! அங்கே உவகையைப் பார்க்காமல் கோபத்தை மட்டும் தேடினால் அந்தப் பெண்களை மறுபடியும் ஒரே முகத்தோடு நிறுத்துகிறோம். உண்மையான ஒப்பாரி வந்தால் அது அவலம்தான். அப்போது அவலம் என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம்.

2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இலக்கிய இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையையும், இந்த 'சங்கதி'யையும், சுகிர்தராணியின் கவிதைகளையும் நீக்கியது நினைவிருக்கும். எங்களுக்கு அதில் ஒரு விசித்திரம் தெரிகிறது. நீக்கியவர்களுக்குத் தொனி நன்றாகவே கேட்டிருக்கிறது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம். வெறும் அழுகை என்று நினைத்திருந்தால் யாரும் மெனக்கெட்டு வெளியே தூக்கிப் போட மாட்டார்கள். பாடத்தில் வைத்துக்கொண்டு அவலம் என்று திருத்துபவர்கள், அதே கவிதையைப் பல்லைப் பிடுங்கிவிட்டு வகுப்பில் உட்கார வைக்கிறார்கள். இரண்டில் எது மோசம் என்று மாலை வகுப்பில் பட்டிமன்றமே நடத்தலாம்.

ஆனால் கடந்த சனிக்கிழமை நடந்த பட்டிமன்றம் வேறு. எங்கள் பயிற்சிப் பாடலின் கடைசி அடி வெகுளியே இல்லை, பெருமிதம் என்று வத்திராயிருப்பிலிருந்து வரும் தம்பி ஒருவன் கிளம்பினான். பெருமிதத்துக்குத் தொல்காப்பியம் சொல்லும் நான்கு கல்வி, தறுகண், புகழ், கொடை. 'வருவோம்' என்பதில் அஞ்சாமை இருக்கிறது, அது தறுகண். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் என்பதில் கல்வியும் இருக்கிறது என்றான். "கோவமா இருந்தா இன்னைக்கே வந்திருப்பாங்கள்ல அண்ணே? ஒருநாள்னு சொல்றாங்கன்னா நிதானமாத்தான இருக்காங்க?" தங்கை விடவில்லை. ஆறிப்போன கோபம் என்றால் கோபம் இல்லையா என்று கேட்டாள். இரண்டு பேரிடமும் அடியெண் இருந்தது, சொல் இருந்தது, சூத்திரம் இருந்தது. நாங்கள் இருவருக்கும் முழு மதிப்பெண் போட்டோம். அவனுடைய கடைசி பஸ் போய்விட்டது. பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். வழியெல்லாம் அவன் 'தறுகண்' பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தான்.